ஒரு ரூபாய்க்குப் போட்ட பின் நம்பர்

"சார், சீனியர் சிட்டிசன் ஹெல்த் கார்டு. எந்த நேரமும் டாக்டர்கிட்ட போன்ல பேசலாம். முதல் மாசம் ஒரு ரூபாதான்."

திருச்சியில் வசிக்கும் 74 வயது ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு, மதியம் கண்ணசரும் நேரத்தில் வந்த அழைப்பு இது. ஒரு ரூபாய்தானே என்று, போனில் வந்த திரையில் பின் நம்பரைப் போட்டார். மாதம் 499 ரூபாய் கழிவது மூன்று மாதம் கழித்து, மகள் பாஸ்புக்கைப் பதிந்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பின் நம்பர் ஒரு ரூபாய்க்கு மட்டுமானதல்ல. யுபிஐ ஆட்டோபே என்ற தொடர் அனுமதிக்குமானது. அதன் பிறகு, பெரும்பாலான சந்தாக்களில் ஒரு தவணை 15,000 ரூபாயைத் தாண்டாதவரை பின் நம்பர் கேட்காமலே பணம் போகும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது விதி. வந்துமிருந்தது, கடன் விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே.

மகள் முதலில் செய்தது, எல்லோரும் செய்யும் தவறு: நிறுவனத்துக்கே போன் போட்டார். "ஐயாகிட்டதான் பேசணும்" என்றார்கள். போனை வாங்கிய அப்பா, "பாதி விலைக்குத் தர்றாங்களாம்மா" என்று ஆறு மாதத்துக்குத் தலையாட்டிவிட்டு வந்தார்! பேசி நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்து, மகள் அந்த நிறுவனத்தின் செயலியை அழித்தார். அதுவும் வீண். அனுமதி இருப்பது செயலியில் அல்ல, வங்கிக் கணக்கோடு.

மூன்றாவது முயற்சிதான் சரியான வழி. அப்பாவின் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்தார்கள். கார்டில் இருந்த பெயர் அங்கே இல்லை, வேறொரு பெயர். தொகையையும் தேதியையும் வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். ரத்து செய்யும் பொத்தானைத் தொட்டு, அப்பாவையே பின் நம்பரைப் போடச் சொன்னார் மகள். இரண்டு நிமிட வேலை. ரத்தான திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டார்.

பணம் போவது இதோடு நிற்கும், சந்தா நிற்காது. அதனால் அன்றே, உறுப்பினர் எண்ணைக் குறிப்பிட்டு, ரத்து செய்யும்படியும் பிடித்த பணத்தைத் திருப்பும்படியும் மின்னஞ்சல் அனுப்பினார். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் போனது. ரத்து செய்வதைக் கடினமாக்கும் இந்த வித்தைக்குச் 'சந்தாப் பொறி' என்று பெயர். 2023-இல் வெளியான மத்திய அரசு வழிகாட்டுதல் அதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் 1915 சமரசம் பேசும், உத்தரவு போடாது. கடைசி மாதப் பணம் மட்டும் திரும்பியது. முந்தைய மாதங்களுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெற்றோரை அருகில் உட்காரவைத்து அந்த ஆட்டோபே பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.