பி.டி. சாரின் கடைசி அசெம்பிளி

பள்ளிக்கூடப் பிரிவு உபசாரப் பேச்சுக்கு ஒரு வழக்கமான வார்ப்பு உண்டு. தலைமையாசிரியரில் தொடங்கி இரவுக் காவலர்வரை நன்றி, பெரிய பதவிக்குப் போன பழைய மாணவன் கதை ஒன்று, கடைசியில் தழுதழுக்கும் குரல். அரசுப் பள்ளி ஒன்றில் பல்லாண்டு பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் பேச்சை அண்மையில் கேட்டேன். அந்த வார்ப்பு அதில் மருந்துக்கும் இல்லை.

தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள் எல்லாம் முடிந்தது. மைக்கைப் பிடித்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம், "எல்லாரும் அப்படியே மண்ணுல உட்காருங்க." அசெம்பிளியில் அசையாமல் நிற்கச் சொல்லியே காலம் கழித்தவர் இப்படிச் சொன்னதும் பிள்ளைகளுக்குச் சந்தேகம். கிண்டலோ என்று முன்வரிசை தயங்கியது.

"வருஷத்துல நாலஞ்சு பேராவது இங்க மயங்கி விழுவீங்க. காலையில சாப்பிடலைன்னு திட்டுவோம். அது பாதிக் காரணம்தான்," என்றவர், மீதியையும் விளக்கினார். ஆடாமல் அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலிலேயே தேங்குகிறது. அதை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அந்தத் தசை சுருங்கி விரிந்தால்தான் வேலை நடக்கும். முழங்காலை விறைத்துக்கொண்டு நின்றால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, கண் இருட்டும், காது அடைக்கும், முகம் வெளுத்து வியர்க்கும். அப்போது வரிசை கலைந்தாலும் பரவாயில்லை, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தக் கூடாது. நினைவு தெளியாமல் வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடத்தில் தெளியும். "ஷூவுக்குள்ள விரலை ஆட்டிக்கிட்டே நில்லுங்க. புது சாருக்குத் தெரியாது," என்றார். சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று.

அடுத்து அவர் பேசியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மைதானத்தை ஒப்படைத்தார். பந்து, வலை, ஈட்டி எல்லாம் இருப்புப் பதிவேட்டில் இருக்கும், யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். பதிவேட்டில் ஏறாத சொத்து இரண்டு கற்கள். 40 மீட்டர் இடைவெளியில், ஆளுக்கு ஒரு ஆணி அடித்து, மண்ணுக்குள் புதைத்து வைத்திருக்கிறார். அவைதாம் 200 மீட்டர் ஓடுதளத்தின் இரு வளைவுகளுக்கும் மையம். ஒவ்வொன்றிலிருந்தும் 18 மீட்டர் 90 சென்டிமீட்டர் அளந்து அரைவட்டம் போட்டு, இரண்டையும் நேர்கோடுகளால் இணைத்தால் உள்கோடு தயார். ஓடுகிறவன் அந்தக் கோட்டின் மேல் ஓடுவதில்லை. 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறான் என்று கொண்டு கணக்கிட்டால் ஒரு சுற்று 200 மீட்டர் வரும்.

"கயிறு வேண்டாம், டேப் பிடிங்க," என்றார். நூல்கயிறு இழுபடும். ஆரம் 10 சென்டிமீட்டர் கூடினாலே சுற்று 63 சென்டிமீட்டர் கூடிவிடும். தப்பு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? வளைவு நேர்கோட்டோடு வழுக்கிச் சேராமல், சேருமிடத்தில் படி மாதிரி துருத்தி நிற்கும். அதைப் பார்த்தால் சுண்ணாம்புப் பொடி போடுவதை நிறுத்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

விளையாட்டு விழா அன்று ஆண்டுதோறும் ஒரு பெற்றோராவது சண்டைக்கு வருவாராம், வெளிப்பாதைப் பையனை ஏன் முன்னால் நிறுத்தினீர்கள் என்று. ஒரு பாதையின் அகலம் 1 மீட்டர் 22 சென்டிமீட்டர். ஒரு பாதை வெளியே போனால் ஆரம் அவ்வளவு கூடும். முழுச் சுற்றுக்குத் தூரம் அதைப்போல் இரண்டு பை மடங்கு, அதாவது 7 மீட்டர் 67 கூடும். அதனால் ஆறாம் பாதைக்காரன் ஏறத்தாழ 38 மீட்டர் முன்னால் நின்றால்தான் நியாயம். வியப்பு என்னவென்றால், 400 மீட்டர் தளத்திலும் ஒரு முழுச் சுற்றுக்கு இதே 7.67தான். மைதானம் பெரிதா சிறிதா என்பது கணக்கிலேயே வருவதில்லை, பாதையின் அகலம் மட்டுமே வருகிறது. பத்தாம் வகுப்பில் வட்டச் சுற்றளவு படித்த எனக்கே இதை யாரும் சொன்னதில்லை.

ஆசிரியர்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "கணக்கு சார், சிலபஸ் முடியலைன்னு என் விளையாட்டுப் பீரியடை எத்தனை தடவை வாங்கியிருப்பீங்க. நான் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. இப்ப ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ஜூன்ல பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பை இங்க கூட்டிட்டு வாங்க, அந்த ரெண்டு கல்லையும் அவங்களையே தேடி எடுக்கச் சொல்லுங்க. டேப் என் பீரோவுல மேல்தட்டுல இருக்கு."

கணக்கு ஆசிரியர் எழுந்து, சாவி யாரிடம் என்று கேட்டார்.