பால் பவுடர் டின்னில் உள்ள அட்டவணை

ஜெர்மனியில் விற்கும் குழந்தைப் பால் பவுடர் டின்னைப் போட்டோ எடுத்து, அட்டவணையைத் தமிழில் கேட்கும்போது தடுமாற்றம் பெரும்பாலும் எண்களில்தான் வரும். அங்கே இரண்டு மி.லி. பத்திகள் இருக்கும்: ஒன்று தண்ணீர், மற்றது கலந்து முடித்த பால். பரவலாகக் காணும் கணக்கு இது: 90 மி.லி. தண்ணீர், 3 கரண்டி பவுடர், கிடைப்பது சுமார் 100 மி.லி. பால். தலைப்பு மாறி 100 மி.லி. தண்ணீர் என்று எழுதிவிட்டால் ஒவ்வொரு பாட்டிலும் நீர்த்துப்போகும். வயிறு நிறையும், சத்து குறையும்.

டின்னின் வளைவில் ஓர எண்கள் மங்கும். 7 என்பது 1 போலத் தெரியும். சரிபார்க்கத் தண்ணீரைக் கரண்டியால் வகுங்கள். 90-க்கு 3, 150-க்கு 5, 210-க்கு 7: எல்லா வரியிலும் 30 வரவேண்டும். 210-க்கு 1 என்றிருந்தால் படிப்பில் பிழை. ஆனால் 30 எல்லா டின்னுக்கும் பொதுவல்ல. அமெரிக்க டின்கள் பலவற்றில் ஒரு கரண்டிக்குச் சுமார் 60 மி.லி. தண்ணீர். கரண்டியின் அளவே வேறு.

ஆகவே மொழிபெயர்ப்பவர் எண்ணை 'திருத்த'க் கூடாது. மங்கலான வரியை ஊகித்து நிரப்பாமல், வேறு போட்டோ கேளுங்கள்.