எத்தனை மணி நேரம், எந்தத் தேதி வரை?

பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகள் வேலை கேட்டு ரிக்ரூட்டருக்கு எழுதும் மெயில்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: “நான் ஸ்டூடண்ட் விசாவில் இருக்கிறேன். கடுமையாக உழைப்பேன். தயவுசெய்து ஸ்பான்சர் செய்ய முடியுமா?” ரிக்ரூட்டர் பெரும்பாலும் அதோடு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். அவர் கல்நெஞ்சக்காரர் என்பதல்ல காரணம். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: இன்றைக்கு இவரைச் சட்டப்படி எத்தனை மணி நேரம் வேலைக்கு வைக்கலாம்? நிறுவனம் தன் கையிலிருந்து விசாவுக்குச் செலவழிக்காமல் எந்தத் தேதி வரை வைத்திருக்கலாம்? அந்த மெயிலில் இரண்டுக்குமே பதில் இல்லை. உரிமையில்லாத ஒருவரை வேலைக்கு வைத்துப் பிடிபட்டால், முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை நிறுவனத்துக்கு அபராதம். சந்தேகம் வந்தால் அவர் ஒதுங்கிக்கொள்வதில் வியப்பில்லை.

மதுரையிலிருந்து லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஓராண்டு எம்.எஸ்ஸி. படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். படிப்பு 2025 செப்டம்பர் 22-இல் தொடங்கியது. 2026 செப்டம்பர் 25-இல் முடிகிறது. விசா அதற்குப் பின் நான்கு மாதம், அதாவது 2027 ஜனவரி 25 வரை. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றுக்கு ஆள் எடுக்கும் ரிக்ரூட்டருக்கு மே மாதம் எழுதுகிறாள். இப்போது பகுதி நேரம், படிப்பு முடிந்தபின் நிரந்தரம் என்பது அவள் கணக்கு.

முதலில் மணிக்கணக்கு. பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரிக்கு இங்கே இடமே இல்லை. இந்த வாரம் 12, அடுத்த வாரம் 28 என்று செய்துவிட்டு, “மொத்தம் 40 தானே” என்றால் செல்லாது. 28 செய்த வாரத்தில் விதி மீறப்பட்டுவிட்டது. இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. மேலாளர் ஞாயிறு மாலை போன் செய்து, “ஒருவர் வரவில்லை, இன்னொரு ஷிஃப்ட் வா” என்று கூப்பிடும்போதுதான் பலர் சிக்குகிறார்கள். சம்பளச் சீட்டும் வரிக் கணக்கும் எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கும்.

இதைவிடப் பெரிய குழி கோடை விடுமுறை. ஜூன் வந்துவிட்டால் முழு நேரம் வேலை செய்யலாம் என்று அறைத்தோழர்கள் சொல்வார்கள். இளங்கலை மாணவர்களுக்கு அது சரி. ஓராண்டு முதுகலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆய்வேடு எழுதும் காலம். வகுப்பு இல்லாவிட்டாலும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அது படிப்புக் காலம்தான். ஆகவே நம் மாணவி, “ஜூலையில் முழு நேரம் வருகிறேன்” என்று எழுதினால் தன் விசாவுக்குத் தானே ஆபத்தைத் தேடிக்கொள்கிறாள். எது விடுமுறை என்பதைப் பல்கலைக்கழகம் தரும் தேதிக் கடிதம்தான் சொல்லும். மாணவரை வேலைக்கு வைக்கும் நிறுவனம் அந்தக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தாக வேண்டும். கேட்பதற்கு முன்பே “கடிதம் தயாராக இருக்கிறது” என்று எழுதினால், அவர் வேலை ஒன்று குறையும்.

சுயதொழிலும் கூடாது. ஆப் வழியாகச் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இதில்தான் அடிபடுகிறது. அங்கே ஓட்டுபவர் ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவர். மணிக்கணக்கு 20-க்குள் இருந்தாலும் தப்பு தப்புதான்.

இனி படிப்புக்குப் பிறகு. 2021 ஜூலையில் வந்த கிராஜுவேட் விசாவுக்கு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டாம், கட்டணம் மாணவருடையது, கிட்டத்தட்ட எந்த வேலையும் செய்யலாம். ஆனால் 2026 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவருக்கு இரண்டு ஆண்டு. மறுநாள், ஜனவரி 1-இல் விண்ணப்பித்தால் 18 மாதம்தான். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு தொடர்கிறது. நம் மாணவிக்கு விசா ஜனவரி 25 வரை இருக்கிறதே என்று நிதானமாக இருந்தால் ஆறு மாதம் போய்விடும். அவசரப்பட்டு அக்டோபரிலும் போட முடியாது. தேர்ச்சி பெற்றதைப் பல்கலைக்கழகம் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவித்த பிறகே விண்ணப்பிக்கலாம். முடிவுகள் நவம்பரிலோ டிசம்பரிலோ வந்தால், அவள் கையில் இருப்பது சில வாரங்கள்தான்.

நடுவில் இன்னொரு கண்ணி. விண்ணப்பத்தைப் பிரிட்டனுக்குள் இருந்துதான் போட வேண்டும். முடிவு வருவதற்குள் ஊருக்குப் பறந்தால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகலாம். டிசம்பரில் விண்ணப்பித்தவர் பொங்கலுக்கு வீட்டுக்கு வரத் துடிப்பது இயல்பு. அந்த ஒரு பயணத்தில் இரண்டு ஆண்டும் போகும்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டால் மெயில் சுருங்கிவிடுகிறது. அவள் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி:

“வணக்கம். பகுதி நேர வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் விசாப்படி, 2026 செப்டம்பர் 25 வரை வாரம் 20 மணி நேரத்துக்கு மிகாமல் வேலை செய்யலாம். கோடைக்கும் இதே வரம்புதான். பல்கலைக்கழகத்தின் தேதிக் கடிதம் தருகிறேன். அதன்பின் தற்காலிக வேலையை முழு நேரம் செய்யலாம். தேர்ச்சி முடிவு வந்ததும், டிசம்பருக்குள், கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிப்பேன். விண்ணப்பித்த பிறகு நிரந்தரப் பணியில் சேரலாம். விசா கிடைத்தால் சுமார் 2028 இறுதி வரை ஸ்பான்சர் தேவையில்லை. அதற்குப் பிறகும் தொடர்வதென்றால் தேவைப்படும். வேலை உறுதியானதும் ஷேர் கோடு அனுப்புகிறேன்.”

ஷேர் கோடு என்பது அரசு இணையதளத்தில் மாணவரே எடுக்கும் எண். வேலைக்கானது W என்ற எழுத்தில் தொடங்கும். 90 நாள் செல்லும். நிறுவனம் அதையும் பிறந்த தேதியையும் போட்டு உரிமையைச் சரிபார்க்கும். பாஸ்போர்ட் நகலை முதல் மெயிலிலேயே இணைப்பதில் பயன் இல்லை. வேலை தேடித் தருவதற்கென்று பணம் கேட்கும் ஏஜென்சியா? பிரிட்டனில் பொதுவாக அது சட்டத்துக்கே புறம்பு, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெயிலின் கடைசி வரிகளில் சிலர் தயங்குவார்கள். “தேவைப்படும் என்று ஏன் நாமே சொல்ல வேண்டும்?” விண்ணப்பப் படிவத்தில், “இப்போதோ பின்னாலோ ஸ்பான்சர் தேவையா?” என்று கேட்டிருந்தால் உண்மையான பதில் ‘ஆம்’ தான். கிராஜுவேட் விசாவை நீட்டிக்க முடியாது. அடுத்தது ஸ்கில்டு வொர்க்கர் விசா; 2025 ஜூலை முதல் அதற்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாகப் பணிக்கு வருபவருக்குக் குறைந்தது 33,400. அந்தச் சலுகையும் மொத்தம் நான்கு ஆண்டுதான். கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அதில் சேர்ந்துவிடும். அதனால் தொடக்கச் சம்பளம் 26,000 பவுண்டு என்று ஒருவர் சொன்னால், இரண்டு ஆண்டில் அது எங்கே போய் நிற்கும் என்று அப்போதே கேட்பதுதான் புத்திசாலித்தனம். மறைத்துச் சேர்ந்துவிட்டு 2028-இல் சொல்வதில் எந்த லாபமும் இல்லை.

இந்தக் கல்வியாண்டில் அங்கே படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், தேர்ச்சி முடிவை எந்த வாரம் உள்துறைக்குத் தெரிவிப்பார்கள் என்று பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.