32 படிகளில் ஒரு மாலை வானம்

சோனி நிறுவனத்தின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் படத்துக்கென்று இருந்த நினைவகம் 1 மெகாபைட் மட்டுமே. திரையில் தெரியும் படம், அடுத்து வரவேண்டிய படம், உருவங்களின் மேல் ஒட்டவேண்டிய டெக்ஸ்ச்சர்கள் எல்லாமே அதற்குள் அடங்கியாக வேண்டும். அதனால் ஒரு பிக்சலுக்கு 16 பிட்டுக்கு மேல் செலவிட வழியில்லை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஆளுக்கு 5 பிட் போக, மீந்த ஒரு பிட் வேறு வேலைக்குப் போனது. 5 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 32 படிகள். மூன்றையும் பெருக்கினால் 32,768 நிறங்கள் கிடைக்கும். இன்றைய கைபேசிப் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் உண்டு.

32,768 என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். குறை தெரிவது மெல்ல மாறும் நிறங்களில்தான். மாலை வானத்தை எடுத்துக்கொண்டால், மேலிருந்து அடிவானம் வரை அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வெளுத்துக்கொண்டே வருகிறது. அதை 32 படிகளுக்குள் திணித்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து, ஒவ்வொரு பட்டையின் விளிம்பும் கோடு போட்டதுபோல் தெரியும். இதைச் சமாளிக்க அந்தக் கருவியின் வரைகலைச் சில்லிலேயே டிதரிங் என்னும் உத்தி பொருத்தப்பட்டிருந்தது. இரண்டு படிகளுக்கு நடுவே வரும் நிறத்தைக் காட்ட முடியாதபோது, அந்த இரண்டு படிகளின் பிக்சல்களையும் கலந்து தூவி, நடுநிறம்போல் தோன்றச் செய்வதுதான் அது. பழைய டிவித் திரைகள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சற்றுக் கலங்கலாகவே காட்டின. ஆகவே அந்தப் புள்ளிகள் அன்று நன்றாகக் கரைந்து போயின. இன்றைய கூர்மையான திரையில் அவை தனித்தனியாகத் தெரிகின்றன. அந்தக் காலக் காட்சி என்று இன்று பலர் மனத்தில் நிற்பது இந்தப் புள்ளி வேலைப்பாடுதான்.

எந்தப் பிக்சலை மேல்படிக்கு ஏற்றுவது, எதைக் கீழே விடுவது என்பதை நான்குக்கு நான்கு கட்டமுள்ள ஓர் எண் அட்டவணை தீர்மானிக்கிறது:

```
-4   0  -3   1
 2  -2   3  -1
-3   1  -4   0
 3  -1   2  -2
```

இந்த அட்டவணை திரை முழுவதும் திரும்பத் திரும்பப் பதிக்கப்படுகிறது. ஒவ்வொரு பிக்சலின் நிற மதிப்போடும் அது நிற்கும் கட்டத்தின் எண்ணைக் கூட்டி, வருவதை 8-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட வேண்டும். 256-ஐ 8-ஆல் வகுத்தால் 32 என்பதால் இது நேராகப் படியின் எண்ணைத் தந்துவிடும்.

வானத்தின் ஒரு பகுதியில் நீலத்தின் மதிப்பு 180 என்று கொள்வோம். 4 கழிந்தாலும் 3 கூடினாலும் அது 176-க்கும் 183-க்கும் இடையிலேயே நிற்கும். 8-ஆல் வகுத்தால் எல்லாக் கட்டங்களிலும் 22-ஆம் படி. அங்கே புள்ளி எதுவும் விழாது. சற்றுத் தள்ளி மதிப்பு 182 ஆகும் இடத்தில், 2 அல்லது 3 கூடும் கட்டங்கள் மட்டும் 184-ஐ எட்டி 23-ஆம் படிக்கு ஏறுகின்றன. பதினாறில் அப்படிப்பட்டவை நான்கு. இரண்டாம், நான்காம் வரிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக அவை அமைந்திருக்கின்றன. மதிப்பு 184 ஆகும்போது சரிபாதி கட்டங்கள் ஏறிவிடும். அவை சதுரங்கப் பலகைபோல் மாறி மாறி வரும். 188-ல் எல்லாமே 23-ஆம் படிக்கு வந்து புள்ளிகள் மறைந்துவிடும். வெறும் வானம், சிதறிய புள்ளி, சதுரங்கம், மறுபடி வெறும் வானம் என்ற இந்தச் சுழற்சிதான் பிளேஸ்டேஷனின் கையெழுத்து.

புள்ளிகளைத் தூவ வேறு வழிகளும் உண்டு. 1976-ல் வெளியான ஃபிளாய்டு–ஸ்டைன்பெர்க் முறை, ஒரு பிக்சலில் நேர்ந்த பிழையைப் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. புகைப்படத்துக்கு அது இன்னும் இயல்பான தோற்றம் தரும். ஆனால் கன்சோல் காட்சிக்கு அது பொருந்தாது. பிளேஸ்டேஷன் படத்தை முக்கோணம் முக்கோணமாக வரைந்தது. பக்கத்துப் பிக்சலில் என்ன பிழை நேர்ந்தது என்று பார்க்க அதற்கு வழியில்லை. அட்டவணை முறைக்குப் பிக்சல் திரையில் எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பல படத்தொகுப்பு மென்பொருள்கள் தாமாகவே பிழைப்பகிர்வு முறையை எடுத்துக்கொள்வதால், அமைப்பில் அதை மாற்றியாக வேண்டும்.

வேலையின் வரிசை மாறக்கூடாது. முதலில் படத்தை 4:3 விகிதத்துக்கு வெட்ட வேண்டும். பிறகு அதை 320×240 பிக்சலுக்குச் சுருக்க வேண்டும். அந்தக் கன்சோலின் விளையாட்டுகளில் மிகவும் புழங்கிய அளவுகளில் இது ஒன்று. 4000×3000 பிக்சல் உள்ள படமென்றால், மூலப்படத்தின் ஏறக்குறைய 156 பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. மின்கம்பிகள், இலைகள், தூரத்து முகங்கள் கரைந்துபோகும். பெரிய உருவங்களும் விளக்கொளியும் உள்ள படமே இதற்கு ஏற்றது. சுருக்கிய பிறகுதான் டிதரிங். முன்பே செய்தால், சுருக்கும்போது புள்ளிகள் சராசரியாகி அழிந்துவிடும். கடைசியில் நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். பைத்தானில் பில்லோ, நம்பை இரண்டும் இருந்தால், 4:3-க்கு வெட்டிய படத்துக்கு இவ்வளவு போதும்:

```python
from PIL import Image
import numpy as np
m = np.array([[-4,0,-3,1],[2,-2,3,-1],
              [-3,1,-4,0],[3,-1,2,-2]])
im = Image.open("photo.jpg").convert("RGB")
im = im.resize((320, 240), Image.BOX)
a = np.array(im).astype(int)
a = a + np.tile(m, (60, 80))[:, :, None]
a = np.clip(a, 0, 255) // 8 * 8
out = Image.fromarray(a.astype("uint8"))
out.resize((1280, 960), Image.NEAREST).save("out.png")
```

இப்படி வரும் படம் பலருக்கு முதலில் ஏமாற்றம் தரும். எதிர்பார்த்த அளவு புள்ளி தெரியாது. ஆனால் உண்மையான கருவியிலும் அது அடக்கமாகத்தான் இருந்தது. தூக்கலாக வேண்டுமானால் 8-க்குப் பதில் 16-ஐப் போட்டு, அட்டவணையின் எண்களையும் இரட்டிப்பாக்கலாம். படிகள் 16 ஆகிவிடும். அதற்கும் கீழே இறங்கினால் அது வேறொரு பழைய கருவியின் படமாகிவிடும்.

படத்தைக் காட்சியாக்குவதில் நிறத்தைவிட மூடுபனிக்குப் பங்கு அதிகம். 1999-ல் வந்த ‘சைலன்ட் ஹில்’ விளையாட்டு, தொலைவில் உள்ளதை வரையத் திராணியில்லாத கருவியின் குறையைப் பனியால் மறைத்தது. தெருப்படம் ஒன்றில் தூரம் போகப் போகச் சாம்பல் நிறம் கூடும்படி ஓர் அடுக்கை டிதரிங்குக்கு முன்பே சேர்த்தால், மெல்ல மாறும் பரப்பு கிடைக்கும்; புள்ளிகள் எடுப்பாக விழுவது அங்கேதான். எழுத்துகள், மதிப்பெண் பட்டை போன்றவற்றை டிதரிங் முடிந்த பிறகு, பெரிதாக்கும் முன் வைக்க வேண்டும். கன்சோலின் டிதரிங், நிழல் தீட்டிய முப்பரிமாண உருவங்களின் மேல்தான் விழுந்தது; தட்டையான செவ்வகப் படங்களைத் தொடவில்லை. புள்ளி விழுந்த எழுத்தைக் கண்டால் விவரம் தெரிந்தவர் உடனே போலி என்று சொல்லிவிடுவார்.

வேலை சரியாக வந்ததா என்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். ஒவ்வொரு புள்ளியும் நான்குக்கு நான்கு பிக்சலில், ஒரே நிறத்தில், கூரிய விளிம்புள்ள சதுரமாக இருக்க வேண்டும். விளிம்பு மங்கியிருந்தால், பெரிதாக்கும்போது NEAREST அல்லாத வேறு முறை புகுந்திருக்கிறது. படத்தின் குறுக்கே அலை அலையாகக் கோலம் தெரிந்தால், 3.5 மடங்குபோல முழு எண்ணாக இல்லாத அளவில் அது பெரிதாகியிருக்கிறது. சதுரங்களைச் சுற்றி அழுக்குபோல் நிறம் கசிந்திருந்தால் படம் JPEG-ஆகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய படத்துக்கு PNG-தான் ஏற்றது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலும் அது மீண்டும் சுருக்கப்பட்டுப் புள்ளிகள் கெட்டுவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.