8 மெகாபைட்டுக் கோப்பு 10 மெகாபைட்டு வாசலில் நின்றது ஏன்?

கோமாரி மாணவி ஒருத்தி தன் ஓவியங்களை ஸ்கேன் செய்து, போட்டியொன்றுக்காகக் கல்முனையிலுள்ள ஒரு காரியாலயத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். கோப்பு 8 மெகாபைட்டு. அறிவித்தலில் 10 வரை ஏற்கப்படும் என்றிருந்தது. ஆனால் சற்று நேரத்தில் அவளுடைய பெட்டிக்கே Mailer-Daemon என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. அதன் நடுவே இந்த வரி:

```
552 5.3.4 Message size exceeds fixed limit
```

"டீச்சர், பத்தைவிட எட்டு பெரிசா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

மின்னஞ்சல் எழுத்துகளை மட்டும் கொண்டுசெல்ல உருவானது. படமோ ஒலியோ அதில் போக வேண்டுமானால், முதலில் எழுத்தாக மாற வேண்டும். 1992இல் வந்த மைம் என்ற முறை இதற்கு வழி செய்தது. அதில் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாகிறது. வரிக்கு 76 எழுத்து என மடிப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். இப்படி அவளுடைய 8 மெகாபைட்டு, வழியில் ஏறத்தாழ 11 ஆகிவிட்டது. வாசலில் நிறுக்கப்படுவது இந்தப் பொதி கட்டிய எடைதான். ஜிமெயிலில் 25 மெகாபைட்டு வரை அனுப்பலாம். ஆனால் பெறுகின்ற சேவையகத்தின் எல்லை அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

அனுப்பும் சேவையகம் கடிதத்தை ஒப்படைக்கும் முன்பே அதன் அளவைச் சொல்லிவிடும். பெறுகின்ற பக்கம் அந்த எண்ணைப் பார்த்தே மறுத்துவிடலாம். கடிதம் உள்ளே போகவேயில்லை என்பதால், காரியாலயத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே முடிவுத் திகதிக்கு முதல்நாள் அனுப்புகிறவர், தன் பெட்டியையும் ஸ்பாம் பகுதியையும் ஒருதரம் பார்ப்பது நல்லது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஒரு கடிதம் இருபது பேருக்குப் போனால், பொதுவாக ஒவ்வொரு பெட்டியிலும் முழுக் கோப்பும் இடம்பிடிக்கும்.

பதிவிறக்கச் சுட்டி, அதாவது லிங்க், இதைத் தலைகீழாக்குகிறது. கோப்பு கூகுள் ட்ரைவ் போன்ற ஓரிடத்தில் இருக்க, கடிதத்தில் அதன் முகவரி மட்டும் போகிறது. நூறு எழுத்துகூட வராது. பெறுபவர் திறக்கும்போது கோப்பு எழுத்தாக மாறாமல், தன் சொந்த அளவிலேயே இறங்கும். அவளும் இப்படித்தான் மறுபடி அனுப்பினாள்.

ஆனால் சுட்டிக்கும் ஒரு பூட்டு உண்டு. ட்ரைவில் அது முதலில் Restricted என்றே இருக்கும். அப்படியே அனுப்பினால் மறுமுனையில் அனுமதி கேட்கும் பக்கமே திறக்கும். Anyone with the link என மாற்றிய பின், உங்கள் கணக்கில் நுழையாத இன்னொரு கைபேசியில் திறந்து பாருங்கள். திறந்தால் அவர்களுக்கும் திறக்கும்.

ஓவியத்துக்கு இது போதும். அடையாள அட்டைப் பிரதிக்கோ குடும்பப் படத்துக்கோ போதாது. அந்தச் சுட்டி யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். அவற்றுக்கு Restricted நிலையை மாற்றாமல், பெறுபவரின் மின்னஞ்சல் முகவரியை மட்டும் சேருங்கள். அவர் இறக்கிக்கொண்டதாகச் சொல்லும்வரை கோப்பை அழிக்க வேண்டாம். அழித்தால் சுட்டி வெறும் முகவரிதான்.