ஆட்டம் நின்ற நாற்காலி

முதல் படத்தில் கறுத்துப்போய், ஒரு கால் ஆட நிற்கும் தேக்கு நாற்காலி இரண்டாவது படத்தில் மின்னுகிறது. எல்லோரும் பளபளப்பைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்குப் பெருமை மூட்டில்தான். ஆட்டத்தை நிறுத்த யாரோ ஆணி அடித்திருந்தார்கள். ஆணி மரத்தைப் பிளக்கும், மூட்டைப் பிடிக்காது. அதைப் பிடுங்கி, பழைய வச்சிரப்பசையை வெந்நீரில் இளக்கிச் சுரண்டினேன். அது மிச்சமிருந்தால் புதுப்பசை மரத்தில் ஊறாது. பிறகு பசையிட்டு இறுக்கிக் கட்டி, ஒரு நாள் விட்டேன்.

மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்டதும் பூச்சு பிசுபிசுத்தது; அப்படியானால் அரக்குதான். உப்புத்தாள் போடாமல் ஸ்பிரிட்டாலேயே துடைத்து, மெல்லிய அரக்கு பூசினேன். ஆணித் துளைகள் அடைத்தும் தெரிகின்றன. கால்களைக் கடைந்த அழகோ பழைய ஆசாரியுடையது. சூடான காபி டம்ளரை மட்டும் கைப்பிடியில் வைக்காதீர்கள், அரக்கில் வெள்ளை வட்டம் விழும்.