கோஷியின் கண்ணில் படாத தாவல்

பாரிஸில் உள்ள எக்கோல் பாலிடெக்னிக் மாணவர்களுக்காக அகஸ்டின் லூயி கோஷி எழுதிய பாடநூல் 1821-இல் வெளிவந்தது. நுண்கணிதத்துக்குக் கறாரான அடித்தளம் போட்ட நூல் அது. அதில் ஒரு தேற்றம்: தொடர்ச்சியான சார்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறோம், ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டுத்தொகை ஒரு மதிப்பில் போய் நிலைகொள்கிறது, அப்படியானால் கடைசியில் கிடைக்கும் சார்பும் தொடர்ச்சியானதுதான். கோஷி அதற்கு நிரூபணமும் தந்திருந்தார்.

தொடர்ச்சி என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. x-ஐக் கொஞ்சம் நகர்த்தினால் சார்பின் மதிப்பும் கொஞ்சம்தான் நகர வேண்டும். 0-இல் இருந்து 1-க்கு ஒரே தாவலாகத் தாவக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் தாவல் இல்லாத ஒன்றுக்கு முடிவில் மட்டும் எங்கிருந்து தாவல் வந்துவிடும்? கோஷியின் தேற்றம் படித்தவுடன் சரி என்றுதான் படும்.

ஆனால் 1826-இல் நார்வேக்காரரான நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல், ஈருறுப்புத் தொடர் பற்றிய தம் கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில், இந்தத் தேற்றத்துக்கு விதிவிலக்குகள் இருப்பதாகத் தோன்றுகிறது என்று எழுதி, ஓர் எடுத்துக்காட்டையும் தந்தார்:

sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − (sin 4x)/4 + …

இதன் ஒவ்வொரு உறுப்பும் வழவழவென்ற அலை. எத்தனை உறுப்புகளைக் கூட்டினாலும் தாவல் வராது. ஆனால் முடிவில்லாமல் கூட்டினால், x ஆனது −π-க்கும் π-க்கும் இடையில் இருக்கும்வரை விடை x/2. x சரியாக π ஆகும்போது ஒவ்வொரு உறுப்பும் பூஜ்யம் என்பதால் விடையும் பூஜ்யம். π-ஐ நெருங்க நெருங்க ஏறக்குறைய 1.57 வரை ஏறிய மதிப்பு, π-இல் தடாலென்று பூஜ்யத்தில் விழுகிறது. கோஷியின் நிரூபணத்தில் எங்கோ ஒரு படி வழுக்கியிருக்கிறது.

எங்கே என்று பார்க்க, சைன் அலைகளைச் சற்று ஒதுக்கிவைத்து, பள்ளிப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். x, x², x³, x⁴ என்று போகும் சார்புகளை 0 முதல் 1 வரை மட்டும் வரையுங்கள். எல்லா வளைகோடுகளும் 0-இல் தொடங்கி 1-இல், 1 என்ற உயரத்தில் முடிகின்றன. அடுக்கு கூடக் கூட வளைகோடு தரையோடு ஒட்டிக் கிடந்து, கடைசி நேரத்தில்தான் செங்குத்தாக ஏறுகிறது. x ஒன்றுக்குக் குறைவாக இருந்தால், தன்னைத்தானே பெருக்கப் பெருக்கப் பூஜ்யத்தை நோக்கித் தேயும். x = 1 மட்டும் எத்தனை முறை பெருக்கினாலும் 1-ஆகவே நிற்கும். ஆகவே எல்லைச் சார்பு, 1-க்கு முன்வரை பூஜ்யம், 1-இல் ஒன்று. தாவல் இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு புள்ளியும் பூஜ்யத்தை எட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான். xⁿ-இன் மதிப்பு 0.01-க்குக் கீழே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். x = 0.9 என்றால் 44-ஆவது அடுக்கில் அது நடந்துவிடும். 0.99 என்றால் 459-ஆவது அடுக்குவரை காத்திருக்க வேண்டும். 0.999 என்றால் 4603. ஒவ்வொரு புள்ளியும் தன் வேகத்தில் போய்ச் சேர்கிறது. ஆனால் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லக்கூடிய ஒரு நாள் வருவதே இல்லை. எந்த அடுக்கை நீங்கள் குறிப்பிட்டாலும், 1-க்குப் பக்கத்தில் இன்னும் வழியிலேயே நிற்கும் புள்ளிகள் இருக்கும்.

அப்படி ஒரு நாள் வந்தால் அதற்குப் பெயர்தான் சீரான ஒருங்கல். எவ்வளவு சிறிய விலகலை நீங்கள் விதித்தாலும், ஓர் எண் N இருக்க வேண்டும். N-க்குப் பிறகு வரும் ஒவ்வொரு சார்பும், எல்லாப் புள்ளிகளிலும் ஒரே சமயத்தில், எல்லைச் சார்பிலிருந்து அந்த விலகலுக்குள் இருக்க வேண்டும். N ஆனது விலகலைப் பொறுத்து மாறலாம், x-ஐப் பொறுத்து மாறக் கூடாது. முழு விஷயமும் இந்த ஒரு நிபந்தனையில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த நிபந்தனை இருந்தால் எல்லைச் சார்பில் தாவல் வரவே முடியாது. ஏன் என்று பார்ப்போம். எல்லைச் சார்பு f; நமக்குச் சந்தேகமான புள்ளி a. a-க்குப் பக்கத்தில் f-இன் மதிப்பு 0.03-க்கு மேல் மாறாது என்று காட்ட வேண்டும். முதலில், எல்லாப் புள்ளிகளிலும் f-இலிருந்து 0.01-க்குள் இருக்கும் ஒரு சார்பை வரிசையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அதை g என்போம். g தொடர்ச்சியானது, ஆகவே a-யைச் சுற்றி ஒரு சிறு வட்டாரத்துக்குள் அதன் மதிப்பு 0.01-க்கு மேல் நகராது. அந்த வட்டாரத்துக்குள் ஏதாவது ஒரு x-ஐ எடுங்கள். f(x)-இலிருந்து g(x)-க்குப் போக 0.01-க்குள் ஒரு படி. g(x)-இலிருந்து g(a)-க்கு 0.01-க்குள் இன்னொரு படி. g(a)-விலிருந்து f(a)-க்கு மூன்றாவது படி. மூன்றையும் சேர்த்தாலும் 0.03-ஐத் தாண்டாது. 0.03-க்குப் பதில் நீங்கள் எந்தச் சிறிய எண்ணைச் சொன்னாலும், அதை மூன்றாகப் பிரித்துக்கொண்டு இதே வழியில் நடக்கலாம். நிரூபணம் முடிந்தது.

முதல் படியைத் திரும்பிப் பாருங்கள். g-ஐ முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட்டோம். X-ஐப் பிறகுதான் எடுத்தோம். எந்த x வந்தாலும் அந்த g செல்லும் என்ற உறுதியைத் தந்தது சீரான ஒருங்கல். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை xⁿ காட்டுகிறது. a = 1 என்று வைத்து, x⁴⁴-ஐ g-ஆக எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 1-இலிருந்து 0.01-க்குள் இருப்பது, x ஏறக்குறைய 0.9998-ஐத் தாண்டிய பிறகுதான். ஆனால் அந்த இடத்தில் x⁴⁴ இன்னும் 0.99-க்கு அருகில் நிற்கிறது. அதன் எல்லையோ பூஜ்யம். முதல் படி பிளவில் விழுகிறது. சரி, இன்னும் பெரிய அடுக்கை எடுக்கலாம் என்றால், வட்டாரம் 1-ஐ ஒட்டி இன்னும் சுருங்கிவிடும். அங்கே அந்தப் பெரிய அடுக்கும் போதாது. இந்தத் துரத்தலுக்கு முடிவே இல்லை. கோஷி வழுக்கிய இடம் இதுதான்: ஒவ்வொரு x-க்கும் ஓர் N இருக்கிறது என்பதிலிருந்து, எல்லா x-க்கும் ஒரே N இருக்கிறது என்பதற்கு அவர் தம்மை அறியாமலே கடந்துவிட்டார்.

இந்தத் தேற்றத்தைத் திருப்பிப் போட்டால், அது ஒரு சோதனைக் கருவி ஆகிறது. சீராக ஒருங்கினால் எல்லையில் தாவல் இருக்காது. ஆகவே எல்லையில் தாவல் இருந்தால் ஒருங்கல் சீரானது அல்ல. அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு சார்பும் தொடர்ச்சியானதா என்று பார்க்க வேண்டும், எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதில் தாவல் தெரிந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம். விலகல்களைக் கணக்கிடவே வேண்டாம்.

ஆபெலின் தொடருக்கு இந்தத் தீர்ப்பு ஒரே வரியில் கிடைத்துவிடுகிறது: π-இல் தாவல், ஆகவே சீரான ஒருங்கல் இல்லை. ஆனாலும் அது உண்மையில் எப்படித் தோற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க எனக்கு ஆசை. π-க்குச் சற்று முன்னால், t தொலைவில் நிற்போம்; அதாவது x = π − t. அங்கே தொடரின் கூட்டல், கழித்தல் குறிகள் எல்லாம் சரியாகிவிட்டு, அது sin t + (sin 2t)/2 + (sin 3t)/3 + … என்று மாறிவிடும். ஒரு கோணத்தின் சைன் அந்தக் கோணத்தை மிஞ்சாது என்பதால், sin kt ஆனது kt-ஐத் தாண்டாது. K-ஆல் வகுத்தால் ஒவ்வொரு உறுப்பும் t-ஐத் தாண்டாது. n உறுப்புகளின் கூட்டல், nt-ஐத் தாண்டாது. இப்போது பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டிவிட்டோம் என்று வையுங்கள். t-ஐ ஒரு கோடியில் ஒரு பங்காக எடுங்கள். கூட்டல் 0.1-ஐத் தாண்டவில்லை; அதே இடத்தில் எல்லை மதிப்பு ஏறக்குறைய 1.57. பத்து லட்சம் உறுப்புகளுக்குப் பிறகும் விலகல் 1.47 இருக்கிறது. எத்தனை உறுப்பு கூட்டினாலும் t-ஐ அதற்கேற்பக் குறைத்து இதே விலகலைக் காட்டலாம்.

கருவி ஒரு பக்கம்தான் வெட்டும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தேர்வுத் தாள்களில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இதில்தான். எல்லையில் தாவல் இல்லை, ஆகவே ஒருங்கல் சீரானது என்று எழுதினால் தவறு. ஒரு கூடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 0-இல் தரையில் தொடங்கி, 1/n-இல் ஒரு மீட்டர் உயரத்தைத் தொட்டு, 2/n-இல் மறுபடி தரைக்கு வந்து, அதன் பிறகு தரையிலேயே கிடக்கிறது. n கூடக் கூடக் கூடாரம் ஒடுங்கி 0-ஐ நோக்கி நகர்கிறது. எந்தப் புள்ளியில் நின்றாலும் கூடாரம் ஒருநாள் உங்களைக் கடந்து போய்விடும். 0-இல் நிற்பவருக்கு அது எப்போதுமே தரைதான். ஆகவே எல்லை எங்கும் பூஜ்யம், தாவலே இல்லை. ஆனால் கூடாரத்தின் உச்சி கடைசிவரை ஒரு மீட்டர்தான். விலகல் குறையவே இல்லை.

இதைவிடச் சூட்சுமமான ஒன்று, xⁿ-இலேயே இருக்கிறது. x = 1 என்ற அந்த ஒற்றைப் புள்ளியை நீக்கிவிட்டால் என்ன? மிச்சமிருக்கும் புள்ளிகளில் எல்லை முழுவதும் பூஜ்யம். தாவலையே வெளியேற்றிவிட்டோம், கருவியும் மௌனமாகிவிடுகிறது. ஆனால் ஒருங்கல் சீராகிவிடவில்லை. எந்த அடுக்கும் 1-ஐ நெருங்கும்போது 0.99-ஐத் தாண்டியே தீரும். அந்தப் புள்ளிகள் எதையும் நாம் நீக்கவில்லை.

0 முதல் 0.9 வரை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. அங்கே மிகப் பெரிய விலகல் 0.9-இன் n-ஆவது அடுக்கு. அது தேய்ந்து பூஜ்யமாகிவிடுவதால் ஒருங்கல் சீரானது. 0.99 வரை எடுத்தாலும் சீரானதுதான், 0.9999 வரை எடுத்தாலும் சீரானதுதான். 1-க்கு முன்னால் எங்கே கோடு போட்டு நிறுத்தினாலும் சீரானதுதான். கோட்டை எடுத்துவிட்டு 1-க்கு முந்தைய எல்லாப் புள்ளிகளையும் ஒரே சமயத்தில் கேட்டால் மட்டும் இல்லை.